கம்ப்யூட்டர் இல்லை, 2 ஜிபி போன்தான்: வாடகைப் படிவ பிடிஎஃப்பை நிரப்பிக் கையெழுத்துப் போட எந்த ஆப்?

முதுநகர்_மாடிவீடு | ஜூன் 7, இரவு 9:12

லாஸ்பேட்டையில் வீடு பேசியாச்சு. வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் 3 பக்க பிடிஎஃப் அனுப்பியிருக்கிறார், வாடகைதாரர் விவரப் படிவம். திங்கள் காலைக்குள் நிரப்பி, கையெழுத்தோடு திருப்பி அனுப்பணும். கையில் இருப்பது பேசிக் போன், 2 ஜிபி ராம், ஆண்ட்ராய்டு கோ. கட்டத்தில் விரலை வைத்தால் எதுவும் நடக்கவில்லை. இன்னொன்று, அட்வான்ஸ் 85,000 என்று அச்சாகியிருக்கிறது. பேசியது வாடகை 8,500, அட்வான்ஸ் மூன்று மாதம், அதாவது 25,500. அதையும் மாற்றணும். காசு கேட்காத ஆப் சொல்லுங்க.

பாகூர்_பையன் | ஜூன் 7, இரவு 9:20

ஆப்பே வேண்டாம். மூணு பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்க, கேலரியில் எடிட் போய் எழுத்து சேருங்க, விரலால் கையெழுத்துப் போடுங்க, மூணு படத்தையும் அனுப்பிடுங்க. அஞ்சு நிமிஷ வேலை.

ஜெராக்ஸ்_கவுண்டர் | ஜூன் 7, இரவு 10:05

தம்பி சொல்வது நடக்கும், ஆனால் பிரிண்ட் எடுக்கும் இடத்தில் மாட்டும். இந்த மாதிரி போனில் திரை அகலம் பெரும்பாலும் 720 புள்ளி. ஏ4 தாளின் அகலம் 8.27 அங்குலம். வகுத்தால் அங்குலத்துக்கு 87 புள்ளிதான் வரும். படிவத்தில் பொடி எழுத்தில் நிபந்தனைகள் இருந்தால் தாளில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். அதை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது இன்னும் ஒரு முறை அமுக்கும். அவசரத்துக்கு ஒரு பக்கம் என்றால் சரி, மூணு பக்கப் படிவத்துக்கு வேண்டாம்.

ஆப் பேரைக் கேட்பதற்கு முன்னால் உங்கள் பிடிஎஃப் எந்த வகை என்று பாருங்கள். கட்டத்தைத் தொட்டதும் கர்சர் வந்து கீபோர்டு ஏறினால் அது நிரப்பும் படிவம். தொட்டால் ஒன்றும் ஆகாமல், எழுத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் வார்த்தை நீலமாகத் தேர்வானால், வேர்டில் அடித்து மாற்றிய சாதாரண பிடிஎஃப். அதுவும் ஆகாமல் ஓரத்தில் தாள் நிழல் தெரிந்தால் ஸ்கேன், வெறும் படம். பின்னால் சொன்ன இரண்டுக்கும் வழி ஒன்றுதான்: மேலே எழுத்தை ஒட்ட வைக்கணும். உங்களுடையது அதில் ஒன்று.

அதற்கு அக்ரோபாட் ரீடர் போதும். அடோபியின் இலவச ஆப், Play Store-இல் Adobe Acrobat Reader என்று தேடுங்கள். உள்ளே போனதும் சந்தா எடு என்று ஒரு பக்கம் மறிக்கும், மூலையில் இருக்கும் பெருக்கல் குறியைத் தொட்டு மூடிவிடலாம். Edit PDF என்று இருப்பது காசு. உங்களுக்கு வேண்டியது Fill & Sign, அது இலவசம். பதிப்புக்குப் பதிப்பு இடம் மாற்றி வைக்கிறார்கள். கீழே பட்டையில் இருக்கும், இல்லை பென்சில் படத்தைத் தொட்டால் வரும்.

கெடிலக்கரை | ஜூன் 7, இரவு 10:31

எங்க அப்பாவிடமும் பேசிக் போன்தான், ஜியோ பட்டன் போன். அதில் இந்த ரீடர் ஏறுமா? அவருக்கும் ஒரு படிவம் வந்திருக்கு.

ஜெராக்ஸ்_கவுண்டர் | ஜூன் 7, இரவு 10:34

ஏறாது. அவர் கேட்பது தொடுதிரை ஆண்ட்ராய்டு, உங்க அப்பாவுடையது வேற. பட்டன் போனில் பிடிஎஃப்பைப் பார்ப்பதோடு சரி, விரலால் கையெழுத்துப் போடத் தொடுதிரையே கிடையாது. படிவத்தை உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லி நீங்கள் நிரப்புங்கள், கையெழுத்தை மட்டும் அவர் விரலால் உங்கள் திரையில் போடட்டும்.

முதுநகர்_மாடிவீடு | ஜூன் 8, காலை 7:48

ஆப் ஏறிடுச்சு, பழைய வீடியோக்களை அழித்து இடம் பண்ணினேன். இரவே பேர், முகவரி எல்லாம் அடித்தேன். காலையில் வாட்ஸ்அப்பில் அதே ஃபைலைத் திறந்தால் வெறுமையாக இருக்கு. எல்லாம் போச்சா?

வில்லியனூர்_டீச்சர் | ஜூன் 8, காலை 8:02

போகலை. வாட்ஸ்அப்பில் இருப்பது அவர் அனுப்பிய மூலப் பிரதி, அதில் ஆப் கை வைக்காது. நீங்க அடித்தது ரீடர் தனியாகச் சேமித்த நகலில் இருக்கும். ரீடரைத் திறந்து முகப்பில் Recent பட்டியலில் பாருங்க. இந்தக் குழப்பத்தில்தான் பாதிப் பேர் வெறும் படிவத்தையே திருப்பி அனுப்புகிறார்கள், வீட்டுக்காரர் "என்னம்மா ஒண்ணுமே எழுதலையே" என்பார்.

ஜெராக்ஸ்_கவுண்டர் | ஜூன் 8, காலை 8:15

டீச்சர் சொன்னது சரி. அடுத்த முறை முதல் வேலையாக ஃபைலை வாட்ஸ்அப்பிலிருந்து வெளியே எடுத்து Download ஃபோல்டரில் போட்டு, பேரை மாற்றிவிடுங்கள். `vadagai_nirappiyathu.pdf` என்று இருந்தால் எது காலி, எது நிரப்பியது என்று பேரிலேயே தெரியும். DOC-20250607-WA0003 மாதிரி பேரோடு மூன்று ஃபைல் கிடந்தால் யாராலும் பிரித்தறிய முடியாது.

இப்போது அடிக்கும் முறை. இரண்டு விரலால் பக்கத்தைப் பெரிதாக்கிய பிறகு கோட்டின் மேல் தொடுங்கள். பெரிதாக்காமல் தொட்டால் எழுத்து அடுத்த வரியில் போய் உட்காரும். வரும் சின்னப் பெட்டியில் பெரிய A, சின்ன A இருக்கும், முதல் வரியிலேயே அளவைச் சரி செய்யுங்கள். எழுத்தின் அடி, அச்சான கோட்டுக்கு ஒரு மயிரிழை மேலே நிற்கணும். கோட்டில் உட்கார்ந்தால் பிரிண்டில் அடித்த மாதிரி தெரியும்.

மொபைல் எண், ஆதார் எண்ணுக்குச் சின்னச் சின்னக் கட்டமாக இருந்தால் ஒரே மூச்சில் அடிக்காதீர்கள். முதல் நான்கு இலக்கம் கட்டத்துக்குள் விழும், ஏழாவது எட்டாவது கோட்டில் ஏறும். மூன்று நான்கு இலக்கமாக, நடுவில் இடைவெளி தட்டி, தனித்தனிப் பெட்டியாக வைத்து இழுத்துச் சேருங்கள்.

முதுநகர்_மாடிவீடு | ஜூன் 8, காலை 10:20

Recent-இல் கிடைச்சுது, நன்றி. கட்டம் எல்லாம் ஓரளவு வந்துடுச்சு. முகவரியைத் தமிழில் அடித்தால் "கெடிலம்" என்பதில் கொம்பு பிரிந்து பின்னால் போகுது. அப்பா பேரில் சில எழுத்து வெறும் சதுரம்.

வில்லியனூர்_டீச்சர் | ஜூன் 8, காலை 10:41

உங்க கீபோர்டு மேல் தப்பில்லை. பிடிஎஃப்புக்குள் எழுதப்படும் எழுத்துரு தமிழைச் சேர்த்துக் கோக்கவில்லை. கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டு வரும் வேலை அங்கே நடக்காது, எழுத்துருவில் இல்லாத எழுத்துக்குச் சதுரம் வரும். அந்தப் படிவம் தமிழில்தான் நிரப்பணும் என்று கேட்கலையே? ஆதாரில் ஆங்கிலத்தில் எப்படி இருக்கோ, அதே எழுத்துக்கூட்டலில் பெரிய எழுத்தில் அடிச்சிடுங்க. தமிழ்ப் பேரை ஆங்கிலத்தில் நினைத்தபடி எழுதிவிட்டு, ஆதாரில் வேற கூட்டல் இருந்து, பிறகு "இது நீங்கதானா" என்ற கேள்வி வரும்.

ஜெராக்ஸ்_கவுண்டர் | ஜூன் 8, காலை 11:10

தமிழ் வேண்டும் என்று அடம் பிடிக்கும் வீட்டுக்காரருக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. Fill & Sign-இல் கையெழுத்துக்கு ஒரு இடம், சுருக்கொப்பத்துக்கு ஒரு இடம் என இரண்டு இருக்கும். சுருக்கொப்ப இடத்தில் முகவரியை விரலால் தமிழில் எழுதி வைத்து, பிறகு சின்னதாக்கி வரியில் ஒட்டலாம். அழகாக இருக்காது, ஆனால் கொம்பு ஓடாது. வேலை முடிந்ததும் அதை நீக்கிவிட்டு உண்மையான சுருக்கொப்பம் போட்டுக்கொள்ளுங்கள்.

பாகூர்_பையன் | ஜூன் 8, காலை 11:32

அட்வான்ஸ் தொகைக்கு என்ன வழி? நான் சொல்றேன், வெள்ளைக் கட்டம் வரைய ஒரு இலவச ஆப் தேடுங்க, 85,000 மேல் வெள்ளையைப் போட்டு மேலே 25,500 அடிங்க. யாருக்கும் தெரியாது.

ஜெராக்ஸ்_கவுண்டர் | ஜூன் 8, பகல் 12:04

தெரியும். வேர்டில் செய்த பிடிஎஃப்பாக இருந்தால், வெள்ளைக்கு அடியில் 85,000 அப்படியே இருக்கும். கம்ப்யூட்டரில் அந்த வரியைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து ஒட்டினால் பழைய எண் வெளியே வரும். ஸ்கேன் என்றாலும் அவரிடம் மூலப் பிரதி இருக்கு, பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முடிஞ்சுது. அதுவும் தொகையை ஒருவர் மட்டும் மாற்றிய தாள், நாளைக்குத் தகராறு வந்தால் அவருக்குச் சாதகமாகத்தான் போகும்.

திருப்பாதிரி_குமாஸ்தா | ஜூன் 8, பகல் 12:40

வெள்ளையடிப்பு வேண்டவே வேண்டாம். முதலில் வீட்டுக்காரருக்கு ஒரு வரி அனுப்புங்கள்: "பக்கம் 2-இல் அட்வான்ஸ் 85,000 என்று இருக்கிறது, பேசியது 25,500, திருத்தி அனுப்புங்கள்." தட்டச்சில் விழுந்த பிழையாகத்தான் இருக்கும், வாடகைக்குப் பக்கத்தில் ஒரு பூஜ்யம் கூடிவிட்டது பாருங்கள். அவருக்கு வேர்டு ஃபைல் இருக்கும், ஒரு நிமிட வேலை. அவருக்கு முடியாவிட்டால், Fill & Sign-இல் கோடு போடும் கருவி இருக்கும். பழைய தொகையின் மேல் ஒரே கோடு, படிக்க முடிகிற மாதிரி. மேலே புதுத் தொகை எண்ணிலும் எழுத்திலும். பக்கத்தில் உங்கள் சுருக்கொப்பம், அவர் பிரிண்ட் எடுத்ததும் அவருடையது. தாளில் திருத்தும்போது செய்வது எதுவோ அதேதான்.

கூடப்பாக்கம்_வாடகைக்காரன் | ஜூன் 8, பகல் 1:15

தமிழ்நாட்டுச் சட்டப்படி அட்வான்ஸ் மூன்று மாதத்துக்கு மேல் வாங்கவே கூடாது. 2017 சட்டம். 85,000 என்று எழுதியதே செல்லாது, திருத்தவே தேவையில்லை.

திருப்பாதிரி_குமாஸ்தா | ஜூன் 8, பகல் 1:33

பாதி சரி. அந்தச் சட்டம் தமிழ்நாட்டுக்கு, நடைமுறைக்கு வந்தது 2019 பிப்ரவரி 22. வீடு லாஸ்பேட்டையில் இருக்கு, அது புதுச்சேரி. அங்கே 1969-ஆம் ஆண்டுக் கட்டட வாடகைச் சட்டம். வாடகைதாரர் கடலூர் முதுநகரில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவதால் சட்டம் கூடவே பஸ் ஏறி வராது. தமிழ்நாட்டிலும்கூட மூன்று மடங்கு என்பது வேறாக ஒப்புக்கொள்ளாத வரைதான். 85,000-க்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு "செல்லாது" என்று உட்கார்ந்திருக்க முடியாது.

கூடப்பாக்கம்_வாடகைக்காரன் | ஜூன் 8, பகல் 1:50

சரி, சரி. ஆனால் வாட்ஸ்அப்பில் அவர் "ஆமா 25,500தான்" என்று ஒரு பதில் போட்டால் அது போதாதா? படிவம் எப்படி இருந்தால் என்ன?

திருப்பாதிரி_குமாஸ்தா | ஜூன் 8, பகல் 2:02

இருந்தால் நல்லது, அழிக்காதீர்கள். போதுமா என்று கேட்டால், கையெழுத்திட்ட தாள் ஒன்று சொல்ல, பேச்சு வேறு சொல்ல, நடுவில் நிற்பது உங்கள் பணம்.

முதுநகர்_மாடிவீடு | ஜூன் 8, மாலை 4:26

வீட்டுக்காரர் பக்கம் 2-ஐத் திருத்தி அனுப்பிட்டார். பூஜ்யம் கூடிடுச்சாம். ஆனால் பக்கம் 2-ஐ மட்டும் தனி ஃபைலாக அனுப்பியிருக்கார். சேர்க்கணுமா? கையெழுத்து எப்படிப் போடறது, விரலால் போட்டால் கோழி கிறுக்கின மாதிரி வருது.

ஜெராக்ஸ்_கவுண்டர் | ஜூன் 8, மாலை 5:10

சேர்க்க வேண்டாம், ரீடரில் அது காசு. இரண்டு ஃபைலாகவே அனுப்புங்கள், பேரில் `pakkam_1_3`, `pakkam_2_thiruthiyathu` என்று போட்டு. பழைய ஃபைலின் பக்கம் 2 வேண்டாம் என்பதற்கு வழி கீழே பிரிண்ட் பற்றிச் சொல்லும்போது வரும்.

கையெழுத்துக்கு இரண்டு வழி. விரலால் என்றால் போனைக் குறுக்கே திருப்பி வையுங்கள், திரை முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு பெரிதாகப் போடுங்கள். படிவத்தில் சின்னதாக்கும்போது கிறுக்கல் மறையும். சின்ன இடத்தில் சின்னதாகப் போடுவதால்தான் கோழிக் கிறுக்கல். விரல் ஈரமாக இருந்தால் கோடு அறும், துடைத்துவிட்டுப் போடுங்கள்.

இன்னொன்று கேமரா. வெள்ளைத் தாளில் கறுப்புப் பால்பாயின்டால் போட்டு, ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், நேராக மேலிருந்து எடுங்கள். உங்கள் கை நிழல் தாளில் விழுந்தால் ஒட்டும்போது கையெழுத்தைச் சுற்றிச் சாம்பல் கட்டம் ஒன்று தெரியும், வெட்டி ஒட்டினது என்று காட்டிக்கொடுக்கும். வெட்டும்போது கையெழுத்தை ஒட்டியே வெட்டுங்கள். வங்கியில் போடும் கையெழுத்துபோலவே வர வேண்டும் என்றால் இந்த வழிதான்.

கையெழுத்தைக் கடைசியில் வையுங்கள். முன்னாலேயே வைத்துவிட்டு எழுத்தைத் திருத்தப் போனால், பெரிதாக்கும்போது விரல் பட்டு அது நகர்ந்துவிடும், கவனிக்கவும் மாட்டீர்கள்.

வில்லியனூர்_டீச்சர் | ஜூன் 8, மாலை 5:38

அண்ணே, படிவம் நிரம்பியதும் அப்படியே அனுப்பினால் அங்கே காலியாகத் தெரியுதுன்னு சிலர் சொல்றாங்களே, அதைச் சொல்லலையே.

ஜெராக்ஸ்_கவுண்டர் | ஜூன் 8, மாலை 6:20

அதைத்தான் சொல்ல வந்தேன். பெரும்பாலும் நிரப்பும் படிவத்தில்தான் அது நடக்கும். அடித்த மதிப்பு ஃபைலில் இருக்கும், அதன் தோற்றம் எழுதப்பட்டிருக்காது. ஒரு ஆப் அதைத் தானே வரைந்து காட்டும், இன்னொன்று காட்டாது. அதனால் அனுப்பும் முன் பக்கத்தோடு பக்கமாகப் பதித்துவிடணும்.

ரீடரில் மூன்று புள்ளி, பிறகு Print. மேலே பிரிண்டர் பேர் இருக்கும் இடத்தைத் தொட்டால் Save as PDF வரும். பிரிண்டர் வேண்டியதில்லை, இன்டர்நெட்டும் வேண்டியதில்லை. கீழே விரித்தால் தாள் அளவு தெரியும். Letter என்று இருந்தால் ISO A4 ஆக்குங்கள். பக்கம் என்ற இடத்தில் `1,3` என்று கொடுத்தால் பழைய இரண்டாம் பக்கம் கழன்றுவிடும். இப்படிச் சேமித்த ஃபைலில் எழுத்தைத் தொட்டால் கர்சர் வராது. வந்தால் இன்னும் பதியவில்லை, திரும்பச் செய்யுங்கள்.

2 ஜிபி போனில் ஸ்கேன் ஃபைலை இப்படிச் செய்யும்போது சுற்றிக்கொண்டே இருக்கும், சில நேரம் ஆப் மூடிக்கொள்ளும். மற்ற ஆப்களை மூடிவிட்டு ஒரு பக்கமாகச் செய்யுங்கள்.

சரிபார்க்க, வாட்ஸ்அப்பில் உங்கள் எண்ணுக்கே அனுப்பி, அதை டிரைவ் ஆப்பில் திறந்து பாருங்கள். ரீடரிலேயே திறந்து பார்ப்பது சோதனை ஆகாது, அடித்த ஆப் அடித்ததைக் காட்டத்தான் செய்யும். அனுப்பும்போது பேப்பர் கிளிப் குறியைத் தொட்டு Document என்று தேர்ந்தெடுங்கள்.

கெடிலக்கரை | ஜூன் 8, இரவு 7:05

ரீடர் வேண்டாம், இடம் இல்லை என்றால்? டிரைவ் போனிலேயே இருக்கே, அதில் பென்சில் தெரியுது.

ஜெராக்ஸ்_கவுண்டர் | ஜூன் 8, இரவு 7:22

நிரப்பும் படிவம் என்றால் டிரைவிலேயே அடிக்கலாம். இவருடைய மாதிரி வெறும் பக்கம் என்றால் பென்சிலால் கிறுக்கத்தான் முடியும், கையெழுத்துக்கு ஆகும், முகவரிக்கு ஆகாது.

திருப்பாதிரி_குமாஸ்தா | ஜூன் 8, இரவு 8:10

இரண்டு எச்சரிக்கை. வீட்டுக்காரர் அனுப்பிய ஃபைலில் ஏற்கெனவே டிஜிட்டல் கையொப்பம் இருந்தால், Save as PDF செய்தால் அது போய்விடும், வெறும் படம்தான் மிஞ்சும். அப்படிப்பட்ட ஃபைலில் கை வைக்காமல் கேளுங்கள். இந்தப் படிவத்தில் இருக்க வாய்ப்பு குறைவு. அடுத்தது, விரலால் போட்டது கையெழுத்தின் படம், அவ்வளவுதான். விவரப் படிவத்துக்கு ஓடும். ஒப்பந்தம் ஸ்டாம்ப் தாளில் மையால் போடுவதுதான், 11 மாதத்துக்கு எழுதுவதும் ஒரு வருடத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம் என்பதால்தான்.

வில்லியனூர்_டீச்சர் | ஜூன் 8, இரவு 8:31

ஆதார் நகலும் கேட்டிருப்பாரே? முழு எண் தெரியாத மாஸ்க் ஆதாரை இறக்கி அனுப்புங்க, கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும். அந்த ஃபைலுக்குக் கடவுச்சொல் உண்டு: பேரின் முதல் நான்கு எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில், பிறகு பிறந்த வருஷம். அதைச் சொல்லாமல் அனுப்பினால் அவருக்குத் திறக்காது. சொல்ல இஷ்டமில்லைன்னா அதையும் Print வழியா சேமிச்சா கடவுச்சொல் கழன்று போயிடும். "ஆன்லைனில் பிடிஎஃப் எடிட்" என்று வரும் வெப்சைட்டில் மட்டும் ஆதாரை ஏற்றாதீங்க.

பாகூர்_பையன் | ஜூன் 8, இரவு 8:40

பேர் மூணு எழுத்துன்னா?

வில்லியனூர்_டீச்சர் | ஜூன் 8, இரவு 8:44

மூணோடு வருஷம். RIA 1990 என்றால் RIA1990, இடைவெளி இல்லாமல்.

முதுநகர்_மாடிவீடு | ஜூன் 9, காலை 8:55

அனுப்பிட்டேன். அவர் பிரிண்ட் எடுத்துப் பார்த்துட்டு, கடைசிப் பக்கத்தில் கையெழுத்து வரி பாதி வெட்டிப் போச்சுன்னு சொல்றார். என் போனில் முழுசாத் தெரியுது.

ஜெராக்ஸ்_கவுண்டர் | ஜூன் 9, காலை 9:12

உங்க ஃபைலில் கோளாறு இல்லை என்றுதான் தோணுது. மூலப் படிவம் லீகல் தாளுக்குச் செய்ததா, ஏ4-க்கா? லீகல் 14 அங்குல நீளம், ஏ4 11.7. அவர் பிரிண்ட் எடுக்கும்போது Actual size என்று இருந்தால் கீழே வெட்டும். Fit என்று மாற்றச் சொல்லுங்கள். அப்படியும் வெட்டினால், நீங்கள் சேமிக்கும்போதே Legal என்று தேர்ந்தெடுத்து மறுபடி அனுப்புங்கள், அவர் லீகல் தாள் போடட்டும்.

முதுநகர்_மாடிவீடு | ஜூன் 9, காலை 10:30

Fit போட்டதும் வந்துடுச்சு. போட்டோ ஒட்டும் கட்டம் காலியா இருக்கு, அதைப் பற்றி ஒண்ணும் சொல்லலை.

ஜெராக்ஸ்_கவுண்டர் | ஜூன் 9, காலை 10:41

சாவி வாங்கப் போகும்போது பாஸ்போர்ட் போட்டோ ரெண்டு எடுத்துட்டுப் போய் பசை வெச்சு ஒட்டுங்க. போன் உங்களுடையது இல்லை, கடன் வாங்கினது என்றால் Fill & Sign-இல் சேமித்த கையெழுத்தையும் இப்பவே நீக்கிடுங்க.